இரண்டரைக் கட்டையில் வந்த ஸ்கிரீன்ஷாட்

எங்கள் பள்ளியில் ஓய்வு பெறவிருந்த ஆசிரியை ஒருவருக்காகச் சக ஆசிரியர் ஒருவர் பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கீபோர்டு வாசிக்கும் நண்பர் அந்தப் பாட்டின் சுரக்கூட்டுகளான கார்டுகளை ஒரு ஸ்கிரீன்ஷாட்டாகவும், கூடவே ஓர் ஒலிப்பதிவாகவும் எனக்கு அனுப்பினார். படத்தின் தலையில் `D#` என்று இருந்தது. கட்டைக் கணக்கில் அது இரண்டரைக் கட்டை. பாடுகிறவருக்கு வசதியான சுருதி. கீபோர்டுக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கிட்டாரில் ஆறு ஆண்டுகள் வாசித்தும் ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டுகளோடு இன்னும் சமாதானம் ஆகாத எனக்கோ, அந்தப் பக்கத்தில் இருந்த பத்துக் கார்டுகளில் ஒன்றே ஒன்றைத் தவிர எதுவும் திறந்த தந்திகளை வைத்துப் பிடிக்கும் எளிய கார்டாக இல்லை.

படத்தில் இருந்தவை இவை: `D#`, `D#/G`, `G#`, `G#m`, `A#sus4`, `A#7`, `Cm7`, `Fm7`, `Gm`, இவற்றோடு இரண்டு இடங்களில் வெறும் `G`. மொத்தம் நாற்பத்தாறு இடங்களில் கார்டு மாறுகிறது. முதல் நாள் அப்படியே வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது சரணம் வருவதற்குள் இடக்கைக் கட்டைவிரலின் அடிச்சதை இறுகி வலிக்கத் தொடங்கியது. `G#`-இலிருந்து `A#7`-க்குப் போகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அரைத் தாளம் பிந்தினேன்.

பாட்டின் சுருதியை மாற்ற முடியாது என்பதால், எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேபோவைப் போட்டு எளிய வடிவங்களில் வாசிப்பது ஒன்றே வழி. எந்த வடிவம் என்பதை முடிவு செய்யப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டு D வடிவங்களில் வாசிக்கலாம். ஆனால் அப்போது `Gm`, `F#m`, `F#` என மூன்று பார் கார்டுகள் எஞ்சுகின்றன. மூன்றாவது ஃப்ரெட்டில் கேபோ போட்டு C வடிவங்களில் வாசித்தால் `F`, `Fm` இரண்டு மட்டுமே தொல்லை. அவற்றையும் மேல் நான்கு தந்திகளில் சுருக்கிப் பிடித்துவிடலாம். G வடிவங்கள் என் கைக்கு மிகவும் பழக்கமானவை என்றாலும், கேபோவை எட்டாவது ஃப்ரெட்டில் போட வேண்டியிருக்கும். அங்கே கிட்டார் மாண்டலின்போலக் கீச்சிடும். ஆகவே C வடிவம், மூன்றாவது ஃப்ரெட். என்னிடம் இருந்தது 280 ரூபாய்க்கு வாங்கிய, கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங் கேபோ. புதிதாகச் செலவு எதுவும் இல்லை.

அடுத்து, படத்தில் இருப்பதை எழுத்தாக மாற்ற வேண்டும். கைப்பேசியிலேயே படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறதே என்று அதை நம்பினேன். தமிழ் வரிகளை ஓரளவு ஒழுங்காகவே படித்த அது, கார்டுகளை மட்டும் குதறியிருந்தது. `G#` சில இடங்களில் `6#` ஆகியிருந்தது. `sus4` என்பது `5us4` ஆகியிருந்தது. `D#/G`-இல் இருந்த சாய்கோடு `I` என்ற எழுத்தாகி `D#IG` என்று நின்றது. இவற்றையாவது கண்ணால் பார்த்துத் திருத்தலாம். திருத்த முடியாதது, கார்டு எந்த எழுத்தின் தலையில் நிற்கிறது என்ற செய்தி தொலைந்துபோனதுதான். படத்தில் கார்டுகள் ஒரு வரியிலும் பாடல் அதற்குக் கீழ் வரியிலுமாக இருந்தன. பிரித்தெடுத்தபோது இடைவெளிகள் எல்லாம் சுருங்கி, கார்டுகள் அனைத்தும் வரியின் தொடக்கத்தில் வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டன. அரை மணி நேரம் போராடிய பிறகு அதை விட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கையாலேயே தட்டச்சு செய்தேன். அதற்கு ஆனது இருபத்தைந்து நிமிடம்.

இம்முறை கார்டைப் பாடலுக்கு மேலே தனி வரியாக வைக்கவில்லை. தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம் கொண்டவை. என் கைப்பேசியில் சரியாக நிற்கும் கார்டு இன்னொருவர் கைப்பேசியில் இரண்டு எழுத்து தள்ளி நிற்கும். அதனால் கார்டைச் சதுர அடைப்புக்குள் இட்டுப் பாடல் வரிக்குள்ளேயே செருகும் முறையை எடுத்துக்கொண்டேன். ChordPro என்ற கோப்பு வடிவத்தில் இப்படித்தான் எழுதுவார்கள்.

```
[D#]மணியடித்த [D#/G]பின்னும் [G#]நீங்கள்
[Cm7]மன[Fm7]தில் இருப்[A#sus4]பீர்[A#7]கள்
```

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அடைப்பை எப்போதும் முழு எழுத்துக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். ஓரிடத்தில் "சொல்" என்ற சொல்லில் கார்டை இடும்போது கர்சர் நழுவி, மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவே அடைப்பு போய்விட்டது. "ச" தனியாகவும், கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாகவும் நின்றன. திரையில் அந்தப் புள்ளி வட்டத்தைக் கண்டால், எழுத்து உடைந்திருக்கிறது என்று பொருள்.

இனிக் கார்டுகளை மாற்றும் வேலை. இங்கேதான் இரண்டு முறை தவறினேன். முதல் தவறு என் பழக்கத்திலிருந்து வந்தது. சிறு வயதிலிருந்து சுருதியைக் கட்டையில் எண்ணியே பழகியவன் நான். C ஒரு கட்டை, D இரண்டு, E மூன்று, F நான்கு, G ஐந்து, A ஆறு, B ஏழு. கறுப்புக் கட்டைகள் எல்லாம் அரை. D# இரண்டரை, C ஒன்று; ஆகவே எல்லாக் கார்டுகளிலிருந்தும் ஒன்றரைக் கட்டையைக் கழித்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். `G#` ஐந்தரை, ஒன்றரை போனால் நான்கு, அதாவது `F`. `A#` ஆறரை, ஒன்றரை போனால் ஐந்து, அதாவது `G`. இரண்டும் சரி. அந்தத் தெம்பில் `Fm7`-க்கு வந்து, நான்கில் ஒன்றரை போக இரண்டரை என்று `D#m7` எழுதினேன். C கீயில் `D#m7` எங்கிருந்து வந்தது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்து `Gm`: ஐந்தில் ஒன்றரை போக மூன்றரை. மூன்றரைக் கட்டை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அங்கேதான் கை நின்றது.

கட்டை எண் வெள்ளைக் கட்டைகளின் வரிசை எண்ணே அன்றி, தூரத்தின் அளவு அன்று. D-க்கும் E-க்கும் நடுவே ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. E-க்கும் F-க்கும் நடுவே இல்லை, B-க்கும் மேல் C-க்கும் நடுவிலும் இல்லை. ஆனால் எண் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று ஏறுகிறது. கழித்தல் இந்த இடங்களைத் தாண்டாதவரை சரியாக வரும். தாண்டினால் அரைக் கட்டை பிசகும். என் முதல் மூன்று கணக்குகளும் தற்செயலாகத் தாண்டாதவையாக அமைந்ததுதான் என்னை ஏமாற்றியது. கழிக்க வேண்டியது மூன்று ஃப்ரெட். ஒன்றரைக் கட்டை அன்று.

சரி, மாற்று அட்டவணையைத் தாளில் மூன்று ஃப்ரெட் கணக்கில் சரியாகப் போட்டுக்கொண்டு, கைப்பேசியின் குறிப்புச் செயலியில் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தினேன். இரண்டாவது தவறு இது. முதலில் `G#` எல்லாவற்றையும் `F` ஆக மாற்றினேன். பிறகு `Fm7`-ஐ `Dm7` ஆக்குவதற்காக `F` என்று தேடி `D` என்று மாற்றினேன். ஒரு நிமிடத்துக்கு முன் நானே உண்டாக்கிய `F`-களும் சேர்ந்து `D` ஆகிவிட்டன. அதற்குள் எது பழைய `F`, எது புதிய `F` என்று சொல்ல வழி இல்லாமல் போயிற்று. பழைய கார்டுப் பெயர்களும் புதிய கார்டுப் பெயர்களும் ஒரே ஏழு எழுத்துகளால் ஆனவை என்பதால், வரிசையைக் கவனிக்காமல் மாற்றினால் எங்காவது ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும். தட்டச்சு செய்த மூலத்தை வேறொரு குறிப்பில் படியெடுத்து வைத்திருந்தேன். அதனால் அந்த இருபத்தைந்து நிமிடம் வீணாகவில்லை.

தப்பிக்கும் வழி எளிது: பழைய பெயரிலிருந்து நேரே புதிய பெயருக்குப் போகாமல், நடுவில் எண்களுக்குப் போய்விடுவது. கீயின் முதல் சுரத்தில் அமைந்த கார்டு 1, நான்காவதில் அமைந்தது 4, ஐந்தாவது 5. நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிப்பவர்கள் இப்படி எண்களால் எழுதிய தாளை வைத்துக்கொண்டே எந்தக் கீயிலும் வாசிப்பார்கள். நானும் எண்ணத் தொடங்கினேன். D ஒன்று, E இரண்டு, F மூன்று... ஆக `Fm7` மூன்று. G நான்கு, ஆக `Gm` நான்கு. ஆனால் `G#`-உம் நான்கு. ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு கார்டுகள், இரண்டாம் எண்ணில் எதுவுமே இல்லை.

இதற்குக் காரணம் நம் ஊர்க் கீபோர்டுக்காரர்களின் ஒரு வழக்கம். கறுப்புக் கட்டை எல்லாவற்றையும் அவர்கள் ஷார்ப் என்றே சொல்வார்கள். ஃபிளாட் என்ற சொல் அவர்கள் வாயில் வருவது அரிது. ஒலியில் D#-உம் Eb-உம் ஒன்றுதான். ஆனால் எழுத்துகளை எண்ணும்போது, தொடக்கத்தை D என்று எடுப்பதா E என்று எடுப்பதா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. முறையாக எழுதினால் அது Eb மேஜர். அதன் ஏழு சுரங்கள் Eb, F, G, Ab, Bb, C, D. இப்படி எழுதினால் ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஒரு முறை வருகிறது. F இரண்டாவது, G மூன்றாவது, Ab நான்காவது, C ஆறாவது என்று எண்ணிக்கை தானாக உட்கார்ந்துகொள்கிறது. அதனால் மூலத் தாளில் முதலில் பென்சிலால் `D#`-ஐ `Eb` என்றும், `G#`-ஐ `Ab` என்றும், `A#`-ஐ `Bb` என்றும் திருத்தினேன். பிறகு எண்கள், பிறகு C கீயின் எழுத்துகள்.

```
D#  -> Eb  -> 1   -> C
Fm7 -> Fm7 -> 2m7 -> Dm7
Gm  -> Gm  -> 3m  -> Em
G#  -> Ab  -> 4   -> F
G#m -> Abm -> 4m  -> Fm
A#7 -> Bb7 -> 5-7 -> G7
Cm7 -> Cm7 -> 6m7 -> Am7
```

ஐந்தாம் கார்டின் 7-ஐ முதலில் `57` என்று ஒட்டி எழுதிவிட்டு, அடுத்த நாள் அதைப் பார்த்து ஐம்பத்தேழா என்று விழித்தேன். அந்தச் சிறு கோடு அதற்காகத்தான்.

அட்டவணை சரிதானா என்பதைக் கிட்டாரே சொல்லிவிடும். `Gm` பிடிக்கும்போது சுட்டுவிரல் மூன்றாவது ஃப்ரெட்டில் ஆறு தந்திகளையும் அழுத்துகிறது. மற்ற விரல்கள் அதன்மேல் `Em`-இன் உருவத்தில் நிற்கின்றன. சுட்டுவிரலின் வேலையைக் கேபோ எடுத்துக்கொண்டால் மிச்சம் இருப்பது `Em` மட்டுமே. `Cm7`-உம் அப்படியே, மூன்றாவது ஃப்ரெட்டின்மேல் ஏறி நிற்கும் `Am7`தான். இந்த இரண்டும் ஒத்துவந்ததும் மற்றவற்றின்மீதும் நம்பிக்கை வந்தது.

சாய்கோட்டுக் கார்டில் மட்டும் ஒரு பிழை தப்பிவிட்டது. `D#/G`-ஐ `C/G` என்று எழுதியிருந்தேன். கோட்டுக்கு முன் இருப்பதை மாற்றிவிட்டு, பின்னால் இருப்பதை மறந்துவிட்டேன். வாசித்தபோது அபசுரம் எதுவும் கேட்கவில்லை, ஏனெனில் G சுரம் C கார்டுக்குள்ளேயே இருப்பதுதான். ஆனால் ஒலிப்பதிவில் "மணியடித்த பின்னும் நீங்கள்" என்ற இடத்தில் கீழ்ச்சுரம் படிப்படியாக ஏறுகிறது: Eb, G, Ab. என் தாளின்படி அது C, G, F என்று படிப்படியாக ஏறாமல் தாவியது. ஏதோ குறைகிறதே என்று மூன்று முறை ஒலிப்பதிவோடு சேர்த்து வாசித்த பிறகே புலப்பட்டது. `C/E` என்று திருத்தியதும் C, E, F என்று ஏற்றம் திரும்ப வந்தது. பிடிப்பதற்கும் இது எளிது. C-யை அப்படியே வைத்துக்கொண்டு ஐந்தாவது தந்தியை விட்டுவிட்டு நான்காவது தந்தியிலிருந்து மீட்டினால் போதும்.

எஞ்சியவை அந்த இரண்டு `G`. ஸ்கிரீன்ஷாட் எத்தனை கைப்பேசிகளைக் கடந்து வந்ததோ, எழுத்துகளின் ஓரங்கள் மங்கிப்போயிருந்தன. அது உண்மையிலேயே `G` மேஜரா, அல்லது `#` மறைந்துபோன `G#`-ஆ, `m` மறைந்த `Gm`-ஆ என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முதல் இடத்தில் அதற்கு அடுத்து `Cm7` வருகிறது. கீயில் இயல்பாக அமைவது `Gm`தான் என்றாலும், `Cm`-க்கு இழுத்துச் செல்வதற்காக அதை மேஜராக்குவது மெட்டமைப்பவர்களின் வழக்கம். ஒலிப்பதிவில் அந்த அசையை நிறுத்திப் பாடகரின் சுரத்தைக் கிட்டாரில் தேடினேன். B. `Gm`-இல் இருப்பது Bb. `G` மேஜரில் இருப்பதுதான் B. ஆகவே படத்தில் இருந்தது சரி. என் தாளில் அது `E` மேஜராகி `Am7`-க்குப் போகிறது. இரண்டாவது இடத்தில் பாடகர் நீட்டிப் பிடிக்கும் சுரம் C. `G` மேஜரை அதனடியில் வாசித்தால் B-யும் C-யும் பக்கத்துப் பக்கத்தில் உரசிக் காதைக் கூசவைத்தன. `G#` வாசித்ததும் உரசல் அடங்கியது. அங்கே `#` மறைந்துபோயிருக்கிறது. என் தாளில் அது `F`. கீபோர்டு நண்பரையே கேட்டிருக்கலாம்தான். ஆனால் அப்போது இரவு பதினொன்றரை.

```
[C]மணியடித்த [C/E]பின்னும் [F]நீங்கள்
[Am7]மன[Dm7]தில் இருப்[Gsus4]பீர்[G7]கள்
```

`F`-ஐ `xx3211` என்றும் `Fm`-ஐ `xx3111` என்றும் எழுதி வைத்தேன்; இடமிருந்து வலமாக ஆறாவது தந்தி முதல் முதல் தந்தி வரை. இரண்டுக்கும் நடுவே மாறுவது ஒரே ஒரு விரல். நடுவிரலை எடுத்துவிட்டால் மூன்றாவது தந்தியில் சுட்டுவிரல் தானாக விழுந்து `Fm` ஆகிவிடுகிறது. என் கிட்டாரில் நட் சற்று உயரமாக இருப்பதால் முதல் ஃப்ரெட்டில் `F` எப்போதும் கல்லை அழுத்துவதுபோல இருக்கும். கேபோ போட்டதும் அந்த உயரம் கணக்கிலேயே இல்லாமல் போகிறது. இவ்வளவு இலகுவான `F`-ஐ இந்தக் கிட்டாரில் நான் பிடித்ததே இல்லை. ஆனால் கேபோவின் ஸ்பிரிங் தந்திகளை இழுத்துச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. அதனால் கேபோவை ஃப்ரெட் கம்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல வைத்து, வைத்த பிறகு மறுபடியும் சுருதி சேர்த்தேன்.

ஒத்திகையில் இன்னொரு கூத்து நடந்தது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் தன்னிடமும் தாள் இல்லை என்றார், என்னுடையதை அனுப்பினேன். தலையில் `Key: C` என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர் நம்பிக்கையோடு C-யை மீட்ட, நாங்கள் எல்லோரும் D#-இல் இறங்கினோம். முதல் அடியிலேயே பாடுகிறவர் காதைப் பொத்திக்கொண்டார். என் தாளில் இருந்தது கை பிடிக்கும் வடிவத்தின் பெயர். அவருக்குத் தேவைப்பட்டது ஒலிக்கும் சுரத்தின் பெயர். அன்றைக்கு அவருக்குக் கீபோர்டு நண்பரின் பழைய ஸ்கிரீன்ஷாட்டையே கொடுத்து ஒப்பேற்றினோம். அன்றிரவு தாளின் தலையை இப்படி மாற்றினேன்:

```
வடிவம்: C    கேபோ: 3    ஒலிப்பது: D# (2½ கட்டை)
```

விழாவுக்கு முந்தைய நாள் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அரைக் கட்டை இறக்க முடியுமா என்று தயங்கியபடி கேட்டார். கீபோர்டு நண்பர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். நான் கேபோவை இரண்டாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்திச் சுருதி சேர்த்தேன். நாற்பத்தாறு கார்டுகளில் ஒன்றையும் தொடவில்லை. தலைப்பு வரியில் 3-ஐ 2 என்றும், `D#`-ஐ `D` என்றும், இரண்டரையை இரண்டு என்றும் பென்சிலால் திருத்தியதோடு சரி. பேஸ் வாசிப்பவர் மட்டும், தன் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு ஃப்ரெட் கீழே தள்ளி வாசித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து முணுமுணுத்தபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.